முகம் காட்டாத காணொளி: குரலும் திரையும் எதுவரை பேசும்?

தமக்குத் தெரிந்த ஒரு வேலையைக் கைத்தொலைபேசியில் செய்து காட்டி, அதனைத் தமது குரலில் விளக்கி, யூரியூப்பில் வெளியிடுவோர் பலர் உள்ளனர். இவர்களுள் ஒரு சாரார் தமது முகத்தைக் காட்டுவதேயில்லை. கேட்பது அவர்களது குரல். தெரிவது கைத்தொலைபேசியின் அல்லது கணினியின் திரை. இடையிடையே வயல், மழை, சந்தை போன்ற பொதுக் காட்சிகள். இவ்வாறான காணொளிகளைத் தொடர்ந்து வெளியிடும் இடத்தையே முகம் காட்டாத அலைவரிசை என்கிறோம்.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்கள் இம்முறையை விரும்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. காணி விடயம் இன்னும் முடிவாகாதவர்கள், தம்மைப் பலரும் அடையாளம் காண்பதை விரும்பாதவர்கள், கமராவின் முன்னால் நின்று பேசக் கூசுபவர்கள் ஆகியோரிடமும் பிறருக்குச் சொல்லத்தக்க அறிவு இருக்கிறது. எனினும் முகத்தை மறைப்பதால் ஆளும் மறைந்துவிடுவதில்லை. முகம் இல்லாத இடத்தில் பார்ப்பவரின் நம்பிக்கையை வேறு வழியில் தேடிக்கொள்ளவும் வேண்டும். இந்த இரண்டையும் மனதிற் கொண்டு, நான்கு நிமிடக் காணொளி ஒன்றைத் தொடக்கத்திலிருந்து செய்து பார்ப்போம்.

உதாரணத்துக்கு நாம் எடுக்கும் தலைப்பு: "காணியின் பரப்பளவைக் கைத்தொலைபேசியில் பார்ப்பது எப்படி?" கூகுள் ஏர்த் என்னும் செயலியில் வானிலிருந்து எடுத்த படங்கள் உள்ளன. அப்படத்தின் மேல் புள்ளிகளை இட்டுச் சுற்றிவந்தால் சுற்றளவும் பரப்பளவும் கிடைக்கும். விதைநெல்லும் பசளையும் எவ்வளவு தேவை என்று கணக்கிடுவதற்கு இது உதவும். நீண்ட காலமாகத் தமது காணிக்குப் போக முடியாதிருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

1. மூன்று பகுதிகளும் அவற்றின் வேலையும்

முகம் காட்டாத காணொளியில் மூன்று பகுதிகள் உள்ளன. ஒன்று பின்னணிக் குரல். இரண்டாவது திரைப் பதிவு. அதாவது கைத்தொலைபேசித் திரையில் நடப்பதை அப்படியே பதிவு செய்தல். மூன்றாவது ஸ்ரொக் காட்சிகள் எனப்படுபவை. இவை வேறு யாரோ எடுத்து, பிறரும் பாவிக்கலாம் என்ற அனுமதியுடன் இணையத்தில் சேமித்து வைத்துள்ள பொதுக் காட்சிகள்.

இம்மூன்றுக்கும் வெவ்வேறு வேலைகள் உண்டு. குரல் விளக்கம் தருகிறது. திரைப் பதிவு சாட்சியாக நிற்கிறது; சொல்லப்படும் வேலை உண்மையிலேயே நடக்கிறது என்பதைப் பார்ப்பவர் தம் கண்ணால் காண்கிறார். ஸ்ரொக் காட்சி இடைவெளியை நிரப்புகிறது. அதற்கு மேல் அதனால் எதையும் நிறுவ முடியாது. இவற்றின் வேலைகளை மாற்றிக் கொடுக்கும்போதே பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. சாட்சி நிற்கவேண்டிய இடத்தில் ஸ்ரொக் காட்சியை வைத்தால், அக்காணொளி பார்க்க அழகாயிருந்தாலும் பொய்யாகிவிடும்.

2. பேசவேண்டியதை எழுதுதல்

முதலில் எழுத வேண்டும்; பின்பே பதிவு. நீங்கள் வழக்கமாக விளக்கம் சொல்லும் வேகத்தில் ஏதாவதொரு பக்கத்தை ஒரு நிமிடம் உரத்து வாசித்து, எத்தனை சொற்கள் வாசித்தீர்கள் என்று எண்ணுங்கள். அது 95 சொற்கள் என்று வைத்துக்கொண்டால், நான்கு நிமிடத்துக்கு 380 சொற்கள். அதற்கு மேல் எழுதினால் அவசரமாக வாசிக்க நேரிடும். திரையில் ஒரு புள்ளியை இடுவதற்கு எடுக்கும் நேரத்துக்குள் மூன்று வாக்கியங்கள் ஓடிவிடும்.

எழுதும்போது "இங்கே", "அங்கே", "இதை" என்ற சொற்களைத் தவிர்க்க வேண்டும். எதிரில் நின்று பேசுபவர் கையால் சுட்டிக்காட்டலாம். முகமும் கையும் தெரியாத இடத்தில் சொல்தான் சுட்டிக்காட்ட வேண்டும். "இங்கே அழுத்துங்கள்" என்பதற்குப் பதிலாக, "அளவுகோல் போன்ற அடையாளம் ஒன்று தெரிகிறது, அதை அழுத்துங்கள்" என்று எழுதுக. எழுதியதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கூகுள் ஏர்த்தைப் பாவித்தறியாத ஒருவரிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து, நீங்கள் வாசிக்க வாசிக்க அவரைச் செய்யச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் நின்று உங்களை நிமிர்ந்து பார்க்கிறாரோ, அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள்.

3. குரலைப் பதிவு செய்தல்

முகம் காட்டாத காணொளியில் படம் சற்று மங்கலாக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்வர். குரல் தெளிவில்லாவிட்டால் அடுத்த காணொளிக்குப் போய்விடுவர். நல்ல ஒலிவாங்கி வாங்குவதற்கு முன் நல்ல இடத்தைத் தெரிவு செய்யுங்கள். வெறும் சுவர்கள் உள்ள அறையில் குரல் எதிரொலித்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். சேலைகள், போர்வைகள், மெத்தை உள்ள மூலையில் எதிரொலி குறையும். தகரக் கூரையுள்ள வீடுகளில் வெயில் ஏறும்போது தகரம் விரிந்து வெடிப்பொலி எழுப்பும். ஆகவே அதிகாலையே ஏற்ற நேரம். மின்விசிறியை நிறுத்துங்கள், கைத்தொலைபேசியை அழைப்பு வராத நிலையில் வையுங்கள்.

கைத்தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் "ப", "ம்ப" போன்ற ஒலிகளின்போது மூச்சுக்காற்று மோதி "புஸ்" என்ற இரைச்சல் பதிவாகும். பேசத் தொடங்குமுன் பத்து விநாடிகள் மௌனமாகப் பதிவு செய்யுங்கள். இந்த மௌனத்திலும் அறையின் மெல்லிய இரைச்சல் இருக்கும். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிற்றி போன்ற செயலிகள் அந்த மாதிரியை வைத்துக்கொண்டு முழுப் பதிவிலுமுள்ள அதே இரைச்சலைக் குறைத்துத் தரும். அளவுக்கு மீறிக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும். அப்படிக் கேட்டால் குறைத்த அளவைத் தளர்த்துங்கள்.

ஒரு வாக்கியம் பிழைத்தால் பதிவை நிறுத்த வேண்டாம். ஒருமுறை கையைத் தட்டிவிட்டு அதே வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். ஒலிக் கோட்டில் கைதட்டல் ஓர் உயர்ந்த முனையாகத் தெரியும். வெட்டவேண்டிய இடம் உடனே அகப்படும்.

4. திரையைப் பதிவு செய்தல்

அன்ட்ரொயிட் 11 முதலான கைத்தொலைபேசிகளில் திரைப் பதிவு வசதி உள்ளேயே உண்டு. திரையின் மேற்பகுதியிலிருந்து கீழே இழுத்தால் வரும் பட்டியலில் Screen record அல்லது Screen recorder என்று காணப்படும். விரல் படும் இடத்தைப் புள்ளியாகக் காட்டும் Show touches என்ற தெரிவை இயக்குங்கள். உங்கள் கை தெரியாதபடியால் அந்தப் புள்ளியே உங்கள் சுட்டுவிரல். குரல் தனியாகப் பதிவாகியிருப்பதால் இங்கு ஒலிப் பதிவு தேவையில்லை.

பதிவுக்கு முன் மூன்று விடயங்களைக் கட்டாயம் செய்க. முதலாவது, அறிவித்தல்கள் வராதபடி Do Not Disturb நிலையை இயக்குதல். அல்லாவிடின் யாரோ அனுப்பிய வட்சப் செய்தி, அனுப்பியவரின் பெயருடன் திரையின் உச்சியில் தோன்றி அப்படியே பதிவாகும். இரண்டாவது, அலைவரிசைக்கென்று புதிய கூகுள் கணக்கொன்றைத் தொடங்கி அதனுடன் மட்டும் வேலை செய்தல். சொந்தக் கணக்கில் இருந்தால் உங்கள் படம், பெயரின் முதலெழுத்து, முன்பு தேடிய இடங்கள் ஆகியவை திரையில் வந்துவிடலாம். மூன்றாவது, கூகுள் ஏர்த்துக்கு உங்கள் இருப்பிடத்தை அறியும் அனுமதியை நிறுத்துதல். அனுமதி இருந்தால் நீங்கள் அமர்ந்திருக்கும் இடம் படத்தில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். முகத்தை மறைத்துவிட்டு வீட்டைக் காட்டிக் கொடுப்பது இந்தச் சிறு புள்ளிதான்.

இனி எதை அளந்து காட்டுவது என்ற கேள்வி எழுகிறது. உங்கள் சொந்தக் காணியையோ அயலவரின் காணியையோ காட்டாதீர்கள். வெளியிட்ட காணொளியை யாரும் பார்க்கலாம். முடிவாகாத காணியொன்றின் எல்லையை நீங்கள் கோடிட்டுக் காட்டினால், அது விளக்கமாகப் பார்க்கப்படாமல் உரிமைகோரலாகப் பார்க்கப்படலாம். எல்லோருக்கும் பொதுவானதும், அளவு முன்னரே தெரிந்ததுமான ஓரிடத்தை எடுங்கள். 400 மீற்றர் ஓடுபாதை உள்ள விளையாட்டரங்கு இதற்குப் பொருத்தமானது. கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில் அவ்வாறான ஓடுபாதை உண்டு.

அளவு தெரிந்த இடத்தை எடுப்பதற்குக் காரணம் உண்டு. முகம் தெரியாத ஒருவர் "இந்தக் கருவி சரியாக அளக்கும்" என்று சொன்னால், பார்ப்பவர் ஏன் நம்ப வேண்டும்? உண்மையான அளவு தெரிந்த ஒன்றை அளந்து காட்டினால், சரியா பிழையா என்பதை அவரே தீர்மானிப்பார்.

நியம அளவிலான 400 மீற்றர் ஓடுபாதையின் உள்விளிம்பைச் சுற்றினால் ஏறத்தாழ 398 மீற்றர் வரும். ஓடுவதற்கான தூரம் உள்விளிம்புக்குச் சற்று வெளியே கணக்கிடப்படுவதால் இந்த வித்தியாசம். இப்போது கூகுள் ஏர்த்தில் Measure என்ற வசதியைத் திறந்து, உள்விளிம்பில் புள்ளிகளை இட்டு வாருங்கள். ஒவ்வொரு வளைவையும் இரண்டே இரண்டு நேர்கோடுகளால் கடந்தால் சுற்றளவு 375 மீற்றர் அளவிலேயே நிற்கும். நான்கு கோடுகளால் கடந்தால் 392 வரை உயரும். எட்டுக் கோடுகளால் கடந்தால் 397 ஐ நெருங்கும். வளைவை நேர்கோட்டால் குறுக்கே வெட்டும்போதெல்லாம் தூரம் குறைகிறது. இந்த மூன்று அளவுகளையும் அடுத்தடுத்துக் காட்டினால், வளைந்த வரம்பும் வாய்க்கால் கரையும் உள்ள காணியில் ஏன் நெருக்கமாகப் புள்ளியிட வேண்டும் என்பது விளக்கமின்றியே புரியும்.

ஒவ்வொரு படியையும் தனித்தனிப் பதிவாக எடுங்கள். ஒவ்வொரு தொடுகைக்குப் பின்னும் மூன்று விநாடி அசையாமல் இருங்கள். பின்னர் வெட்டி ஒட்டுவதற்கு அந்த மூன்று விநாடி தேவைப்படும். படத்தின் அடியில் கூகுளின் பெயரும் படத்தைத் தந்த நிறுவனத்தின் பெயரும் சிறிய எழுத்தில் காணப்படும். அவற்றை வெட்டவோ வேறெதனாலும் மறைக்கவோ கூடாது. அப்படங்களைக் காணொளியில் பாவிப்பதற்கான நிபந்தனை அது.

5. ஸ்ரொக் காட்சிகளைப் பாவித்தல்

பெக்செல்ஸ், பிக்சாபே ஆகிய இணையத்தளங்களில் காட்சிகளை இலவசமாகப் பெறலாம். எடுத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற கட்டாயமில்லை, குறிப்பிடுவது நற்பண்பு. ஆயினும் நிபந்தனைகள் உண்டு. அக்காட்சியில் அடையாளம் காணக்கூடிய ஒருவரை இழிவான முறையில் காட்டக்கூடாது. அவர் உங்கள் கருத்தை ஆதரிப்பவர் போலவும் காட்டக்கூடாது. வயலில் நிற்கும் ஒரு பெண்ணின் காட்சியை எடுத்து, "காணியை இழந்த இந்தத் தாய்" என்று குரல் கொடுத்தால், அப்பெண்ணுக்குச் செய்யும் அநியாயம் அது. அவர் வேறு நாட்டில் தன் சொந்த வயலில் நிற்பவராயிருக்கலாம்.

இடம் பற்றியும் கவனம் தேவை. நெல்வயல் என்று தேடினால், மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த தென்கிழக்காசிய வயல்களே பெரும்பாலும் வரும். குளத்துத் தண்ணீரில் சமநிலத்தில் விதைக்கும் வன்னிக் கமக்காரர் அதைக் கண்டவுடனே "இது எங்கட வயல் இல்லை" என்பார். அந்தக் கணத்திலிருந்து நீங்கள் சொல்லும் அளவையும் அவர் சந்தேகிப்பார். இதனிலும் பாரதூரமானது பயிர்நோய், பூச்சி பற்றிய காட்சிகளில் நேரும் பிழை. சோளத்தில் புழு என்று தேடி எடுத்த காட்சியிலுள்ள புழு, நீங்கள் பேசும் படைப்புழுவாக இல்லாமலிருக்கலாம். படைப்புழுவின் தலையில் தலைகீழான Y வடிவக் கோடும், வாற்பகுதிக்கு அருகே சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் உண்டு. இவை தெரியாத காட்சியைக் காட்டி மருந்து சொன்னால், வேறு புழுவுக்கு மருந்தடித்துப் பணத்தை இழப்பவர் உங்களை நம்பிய கமக்காரரே.

ஆகவே ஒரு விதியைக் கைக்கொள்ளுங்கள். "இதைப் பாருங்கள்" என்று குரல் சொல்லும் இடத்தில் ஸ்ரொக் காட்சி வரக்கூடாது. அங்கே உங்கள் சொந்தக் காட்சியோ திரைப் பதிவோ வரவேண்டும். முகமில்லாமலே சொந்தக் காட்சிகளை எடுக்கலாம்: மண்வெட்டி பிடித்த கை, வரம்பில் நடக்கும் கால், வாய்க்காலில் ஓடும் தண்ணீர், சாக்கிலிருந்து அள்ளும் விதைநெல். பத்து விநாடிகளாகப் பத்துக் காட்சிகளை ஒரே காலையில் எடுத்து வைத்தால் பல காணொளிகளுக்குப் போதும். பின்னணியில் வீதிப் பெயர்ப்பலகை, வாகன இலக்கம், வீட்டு முகப்பு ஆகியவை விழுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

6. ஒன்று சேர்த்தல்

தொகுக்கும் செயலியில் முதலில் குரலை வையுங்கள். அதன் மேல் காட்சிகளைப் பொருத்துங்கள். நமது 240 விநாடிகளை இவ்வாறு பங்கிடலாம்.

முதல் 15 விநாடிகள்: சொந்தக் காட்சி. "உங்கள் காணி எத்தனை பரப்பு என்று கைத்தொலைபேசியில் மதிப்பிடலாம், ஆனால் எல்லையைத் தீர்மானிக்க முடியாது" என்று குரல் சொல்கிறது. எல்லைக்கட்டு முதல் வாக்கியத்திலேயே வருவதைக் கவனிக்கவும். பலர் இறுதிவரை பார்ப்பதில்லை.

அடுத்த 25 விநாடிகள்: எதற்கு இது உதவும் என்ற விளக்கம். ஸ்ரொக் காட்சி இங்கே வரலாம்.

அடுத்த 150 விநாடிகள்: திரைப் பதிவு. ஓடுபாதையை மூன்று விதமாக அளந்து காட்டியபின், சதுர மீற்றரைப் பரப்பாக மாற்றும் கணக்கு. ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4047 சதுர மீற்றர். அது 16 பரப்பு. ஆகவே ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். திரையில் 3000 என்று வந்தால் 253 ஆல் வகுக்க, 12 பரப்புக்குச் சற்றுக் குறைவு. அதாவது முக்கால் ஏக்கர் அளவு. ஏக்கருக்கு 2 புசல் விதைப்பவருக்கு ஒன்றரைப் புசல் விதைநெல் தேவை.

அடுத்த 30 விநாடிகள்: பிழை எங்கே வரும் என்ற எச்சரிக்கை. இறுதி 20 விநாடிகள்: சுருக்கம்.

குரல் நீண்டு காட்சி முடிந்துவிட்டால், திரைப் பதிவின் கடைசிப் படத்தை அப்படியே நிறுத்தி வையுங்கள். வேறு அலங்காரம் தேவையில்லை. முடிந்தபின் சிறிய கைத்தொலைபேசி ஒன்றில், வெயிலில் நின்று பாருங்கள். திரையிலுள்ள எண்களை வாசிக்க முடியவில்லையென்றால் அந்தப் பகுதியைப் பெருப்பித்துக் காட்டுங்கள்.

7. எல்லைகளை அறிதல்

முதலாவது, அளவின் எல்லை. 50 மீற்றர் அகலமும் 60 மீற்றர் நீளமும் கொண்ட காணி 3000 சதுர மீற்றர். மரநிழல் வேலியை மறைப்பதால் நான்கு பக்கமும் ஒவ்வொரு மீற்றர் வெளியே புள்ளியிட்டால், அது 52 க்கு 62 ஆகி 3224 சதுர மீற்றராகும். ஒரு மீற்றர் பிழை ஏறத்தாழ ஒரு பரப்பைக் கூட்டிவிட்டது. விதைநெல்லுக்கு இது பெரிய பிழையல்ல. எல்லைக்கு இது வழக்கு.

மேலும், வானிலிருந்து எடுத்த படம் முழுவதுமாகச் சில மீற்றர் இடம் விலகி இருக்கக்கூடும். படம் முழுவதும் ஒன்றாக விலகுவதால் பரப்பளவு மாறாது. ஆனால் வேலி எங்கே நிற்கிறது என்பது மாறிவிடும். ஆகவே இம்முறை "எவ்வளவு" என்ற கேள்விக்குப் பதில் தரும். "எதுவரை" என்ற கேள்விக்குப் பதில் தராது. அதற்கு உரிமம் பெற்ற நில அளவையாளரின் வரைபடம் வேண்டும். பழைய ஆண்டுப் படங்களையும் கூகுள் ஏர்த்தில் பார்க்கலாம். கிணறோ வீடோ அங்கே தெரிந்தால் நினைவுக்கு அது துணை. அதனை உறுதிக்குச் சமமாகக் காட்டிக் காணொளி செய்வது பார்ப்பவரை ஏமாற்றுவதாகும்.

இரண்டாவது, மறைவின் எல்லை. உங்கள் ஊரவர் உங்கள் குரலை இரண்டு வாக்கியங்களில் அடையாளம் காண்பர். பேச்சு வழக்கு எந்தப் பகுதி என்பதைச் சொல்லிவிடும். பின்னணியில் ஒலிக்கும் கோயில் மணியும் இடத்தைச் சொல்லும். முகம் காட்டாமை அறிமுகமில்லாதவரிடமிருந்து உங்களை மறைக்கும், அறிந்தவரிடமிருந்து மறைக்காது. ஆகவே, பெயர் தெரிந்தால் ஆபத்து என்று நீங்கள் கருதும் ஒரு செய்தியை, முகம் தெரியாது என்ற துணிவில் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, வருமானத்தின் எல்லை. விளம்பர வருமானத்தில் முழுப் பங்கு பெற, யூரியூப் 1000 சந்தாதாரர்களையும், கடந்த 12 மாதங்களில் 4000 மணித்தியாலப் பார்வை நேரத்தையும் கேட்கிறது. குறுங்காணொளிகளாயின் 90 நாட்களில் 1 கோடிப் பார்வைகள். 4000 மணித்தியாலம் என்பது 240,000 நிமிடங்கள். நமது நான்கு நிமிடக் காணொளியை ஒருவர் சராசரி இரண்டு நிமிடம் பார்க்கிறார் என்றால், ஒரு வருடத்துக்குள் 120,000 பார்வைகள் தேவை. காணி அளக்க விரும்பும் தமிழ்க் கமக்காரரை மட்டும் நம்பி இதை எட்டுவது கடினம்.

இதை எட்டினாலும் யூரியூப் அலைவரிசையைப் பரிசீலிக்கும். பிறருடைய காட்சிகளை எடுத்து, தமது பங்கு எதுவுமின்றி வெளியிடுவோருக்கு வருமானம் மறுக்கப்படலாம். ஒரே அச்சில் வார்த்தது போலத் தொகையாகச் செய்யப்படும் காணொளிகளுக்கும் அவ்வாறே. இந்த விதியின் பெயரை 2025 ஜூலையில் மாற்றித் தெளிவுபடுத்தினார்கள். ஸ்ரொக் காட்சிகளையே வரிசையாக அடுக்கி, எங்கோ உள்ள கட்டுரையை வாசிக்கும் அலைவரிசைகள் இதில் அகப்படுகின்றன. முகம் காட்டாமை அங்கு குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. உங்கள் சொந்த விளக்கமும் சொந்தத் திரைப் பதிவும் இருக்கின்றனவா என்பதே கேள்வி.

பணம் பெறும் இடத்தில் மறைவும் முடிந்துவிடுகிறது. பணத்தைத் தரும் கூகுளின் அட்சென்ஸ் கணக்குக்கு உண்மைப் பெயரும், 18 வயது நிறைவும், தபால் முகவரியும் வேண்டும். வருமானம் 10 டொலரை எட்டியதும் இரகசிய இலக்கம் கொண்ட கடிதமொன்று அந்த முகவரிக்கு வரும். அவ்விலக்கத்தை நான்கு மாதங்களுக்குள் பதியாவிட்டால் விளம்பரங்கள் நிறுத்தப்படும். 100 டொலர் சேர்ந்தபின்னரே பணம் வங்கிக்கு அனுப்பப்படும். தற்காலிக இடத்தில் வாழ்பவர் அவ்விட முகவரியைக் கொடுத்துவிட்டு வேறிடம் போனால் அக்கடிதம் அவரை வந்தடையாது. உங்களுக்குத் தபால் தவறாமல் கிடைக்கும் நிலையான முகவரி எதுவென்று கணக்குத் தொடங்குமுன்னரே தீர்மானியுங்கள்.

எனவே வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல், இக்காணொளி யாருக்குப் பயன்படும் என்று முதலில் பாருங்கள். முப்பது குடும்பங்கள் விதைநெல்லைச் சரியாகக் கணக்கிட்டு வாங்கினால், அந்த நான்கு நிமிடம் தன் வேலையைச் செய்துவிட்டது.

குழுவாக ஆராய்வதற்கு

1. உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு வேலையைத் தெரிவு செய்க. அதில் திரைப் பதிவாலோ சொந்தக் காட்சியாலோ காட்டவேண்டிய இடங்கள் எவை? ஸ்ரொக் காட்சி போதுமான இடங்கள் எவை?

2. யூரியூப்பில் முகம் காட்டாத விவசாயக் காணொளி ஒன்றைக் குழுவாகப் பாருங்கள். குரல் சொல்வதும் படம் காட்டுவதும் எந்த இடங்களில் வேறுபடுகின்றன? அதை நம்பிச் செய்யும் ஒருவருக்கு என்ன நட்டம் வரலாம்?

3. உங்கள் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடத் திரைப் பதிவு எடுத்து, உங்களை அறியாத ஒருவரிடம் காட்டுங்கள். அதிலிருந்து உங்களைப் பற்றி அவர் எவற்றையெல்லாம் கண்டுபிடித்தார் என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலில் உள்ளவை அனைத்தும் நீங்கும்வரை எதையும் வெளியிட வேண்டாம்.